கடைசல் பட்டறையில் பயிலுநரை மதிப்பிடுவது எப்படி: போர்மேனின் கண், சோதனைத் துண்டு, தவறுக் குறிப்பேடு

பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் சிறு கடைசல் பட்டறை நடத்தும் நண்பர்கள் சிலர் அண்மையில் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். லேத்தில் பழகுவதற்காக எடுத்த பையனுக்கு ஆறு மாதம் முடியப் போகிறது. அவனைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா, சம்பளத்தை ஏற்றுவதா, தனியாக இயந்திரத்தில் விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். போர்மேன் ஒன்று சொல்கிறார், வருகை அட்டை வேறொன்று சொல்கிறது, பையன் கடைந்து கொடுத்த துண்டு மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. இவற்றுள் எதை நம்புவது என்பதே அவர்கள் கேள்வி.

இந்தத் தடுமாற்றத்துக்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, பயிலுநர் ஒப்பந்தம் குறைந்தது 6 மாதமும் அதிகமாக 24 மாதமும் இருக்கலாம். அதற்கு முன்பு குறைந்த அளவே இரண்டு ஆண்டாக இருந்தது. இரண்டு ஆண்டு ஒருவன் கூடவே நின்றால், யாரும் மதிப்பீடு என்று தனியாக ஒன்றைச் செய்யாமலே அவன் எப்படிப்பட்டவன் என்பது தெரிந்துவிடும். ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ முடிவெடுக்க வேண்டும் என்றால், பார்க்கும் முறை சரியாக இருந்தாக வேண்டும்.

நடைமுறையில் மூன்று முறைகள் இருக்கின்றன. முதலாவது, போர்மேன் தன் கண்ணால் பார்த்து ஒரு கருத்தைச் சொல்வது. இரண்டாவது, ஒரு வரைபடத்தைக் கொடுத்து, நேரம் வைத்து, சோதனைத் துண்டு ஒன்றைக் கடையச் சொல்வது. மூன்றாவது, பையன் செய்த வேலைகளையும் அவற்றில் நேர்ந்த தவறுகளையும் நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது. எங்கள் பட்டறையில் ஒரே சமயத்தில் சேர்ந்த இரண்டு பையன்களிடம் இம்மூன்றையும் செய்து பார்த்திருக்கிறோம். மூன்றும் ஒரே விடையைத் தரவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

திறன் வளர்ச்சி என்பது இன்று கை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதன்று. முதல் மாதத்தில் 0.1 மில்லிமீட்டர் தள்ளிப் போனவன் ஐந்தாம் மாதத்தில் எவ்வளவு தள்ளிப் போகிறான் என்பதே வளர்ச்சி. தொழிற்பள்ளியில் ஓராண்டு படித்துவிட்டு வந்த பையன் முதல் நாளே நன்றாகக் கடைவான். அது அவன் கொண்டுவந்த திறன். நம்மிடம் வந்தபின் அவன் நகர்ந்தானா என்பது தனிக் கேள்வி.

ஒழுங்கு என்றதும் எல்லாரும் வருகை நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். கடைசல் பட்டறையில் ஒழுங்கு இரண்டு வகை. ஒன்று கடிகாரத்தோடு உள்ளது, மற்றொன்று இயந்திரத்தோடு உள்ளது. துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கை இறுக்கும் சக் சாவியை அதிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தைத் தட்டினால், அந்தச் சாவி பறந்து எதிரே நிற்பவர் முகத்தில் விழும். கையுறையோடு சுழலும் துண்டை நெருங்கினால் கை உள்ளே போகும். எட்டு மணிக்குச் சரியாக வருகிறவன் இவற்றிலும் சரியாக இருப்பான் என்று எந்த உறுதியும் கிடையாது.

மூன்றாவதான கற்கும் விருப்பத்தை நேராக அளக்க வழியில்லை. "சரிங்கண்ணே" என்று சொல்வதும், பக்கத்திலேயே நின்று பார்ப்பதும், நிறையக் கேள்வி கேட்பதும் விருப்பத்தின் அடையாளமாக இருக்கலாம், நல்ல வளர்ப்பின் அடையாளமாகவும் இருக்கலாம். நான் பார்த்தவரை ஓரளவு நம்பத்தக்க அடையாளம் ஒன்றுதான்: ஒரு தவறு நேர்ந்தபின் அதே தவறு அவனிடம் மறுபடி வருகிறதா, வந்தால் எத்தனை வாரம் கழித்து வருகிறது.

இவற்றோடு நாலாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். அந்த முறைக்கு ஆகும் செலவு. அது பணமாகவும் இருக்கலாம், இயந்திரம் சும்மா நிற்கும் நேரமாகவும் இருக்கலாம், பட்டறைக்குள் உண்டாகும் மனக்கசப்பாகவும் இருக்கலாம்.

## முதல் முறை: போர்மேனின் கண்

நம் பட்டறைகளில் மிகப் பழைய முறை இதுதான், இன்றும் பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறார்கள். மாதக் கடைசியில் முதலாளி கேட்பார், போர்மேன் "பையன் பரவாயில்லை" என்றோ "தேற மாட்டான்" என்றோ சொல்வார். இதை இழிவாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. இருபது ஆண்டு லேத்தின் முன் நின்ற ஒருவருக்கு, வெட்டும் ஓசையைக் கேட்டே டூல் மழுங்கியிருப்பது தெரியும். பையன் சக்கை இறுக்கும்போது அவன் தோள் எப்படி நிற்கிறது என்று பார்த்தே அவனுக்குப் பயம் போய்விட்டதா, பயம் போகக்கூடாத அளவுக்குப் போய்விட்டதா என்று சொல்லிவிடுவார். இயந்திரத்தோடு உள்ள ஒழுங்கை மதிப்பிடுவதில் வேறெந்த முறையும் இதற்கு ஈடாகாது, ஏனென்றால் சக் சாவி மறக்கப்பட்ட அந்த மூன்று நொடியை எந்தத் தாளும் பதிவு செய்யாது.

ஆனால் கண்ணுக்கு நினைவு குறைவு. ஆறு மாதத்தைப் பற்றிக் கேட்டால், போர்மேன் கடைசி இரண்டு வாரத்தைப் பற்றித்தான் பேசுவார். போன செவ்வாய்க்கிழமை பையன் ஒரு விலையுயர்ந்த எஃகுத் துண்டைக் கெடுத்திருந்தால், முந்தைய ஐந்து மாதமும் அந்த ஒரு துண்டுக்குள் போய்விடும். வாய் பேசும் பையனுக்கு ஒரு மதிப்பெண் கூடுவதும், ஒதுங்கி நிற்கும் பையனுக்கு ஒன்று குறைவதும் இதில் இயல்பு. மறைவான செலவு வேறொன்றும் உண்டு. நம்மவர் பட்டறைகளில் பையன்கள் பெரும்பாலும் தெரிந்தவர் வழியாகத்தான் வருகிறார்கள். ஒருவன் போர்மேனின் அக்காள் மகனாக இருப்பான், இன்னொருவன் முதலாளியின் ஊர்க்காரராக இருப்பார். போர்மேன் நேர்மையாகவே சொன்னாலும், மற்றப் பையன் அதை நம்ப மாட்டான். காரணம் சொல்ல முடியாத மதிப்பீட்டை ஏற்றுக்கொள்ளும்படி யாரிடமும் கேட்க முடியாது.

## இரண்டாம் முறை: சோதனைத் துண்டு

இதில் எல்லாம் வெளிப்படையாக இருக்கிறது. நாங்கள் வைத்த துண்டு இப்படி: 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஸ்45சி எஃகுத் தண்டு ஒன்று. அதன் ஒரு முனையில் 6205 பேரிங் உட்காரும் இடத்தைக் கடைய வேண்டும், மறுமுனையில் எம்20 மரை போட வேண்டும். அந்தப் பேரிங்கின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். அது இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதால், வரைபடத்தில் கே6 என்ற பொருத்தம் கேட்டிருந்தோம். அதாவது விட்டம் 25.002க்கும் 25.015க்கும் இடையில் இருக்க வேண்டும். மொத்தச் சலுகை 13 மைக்ரான், தலைமுடியின் பருமனில் ஒரு சிறு பங்கு. நேரம் இரண்டு மணி. அளவுக்கு 50, பரப்பின் வழவழப்புக்கு 20, நேரத்துக்கு 30 என மதிப்பெண் பிரித்திருந்தோம்.

இரண்டு பையன்களில் வயதில் மூத்தவன் ஒரு மணி 35 நிமிடத்தில் முடித்துக் கொடுத்தான். போர்மேன் துண்டைத் துணியில் பிடித்தபடியே மைக்ரோமீட்டரால் அளந்தார். 25.004 காட்டியது. மரையில் நட்டு தடையின்றி ஓடியது, பரப்பு பளபளத்தது. 91 மதிப்பெண். இளையவன் இரண்டு மணி 25 நிமிடம் எடுத்துக்கொண்டான். இடையில் இருபது நிமிடம் துண்டை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றான். அவன் அளவு 25.009, பரப்பு சுமார். நேரத்தில் வெட்டுப்பட்டு 74 மதிப்பெண்.

மறுநாள் காலை, அந்த இரண்டு துண்டுகளையும் மாதிரியாக அலமாரியில் வைக்கலாம் என்று எடுத்து, ஆளுக்கொரு பேரிங்கை மாட்டிப் பார்த்தோம். இளையவனுடையது ஏற மறுத்தது, பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். மூத்தவனுடையதில் பேரிங் விரலால் தள்ளியவுடனே வழுக்கிப் போய் உட்கார்ந்தது. அளந்தால் 24.991.

காரணம் சூடு. எஃகு சூடேறினால் விரியும். 25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஒவ்வொரு 10 பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 3 மைக்ரான். கூலண்ட் இல்லாமல் கடைசி வெட்டுப் போட்டுவிட்டு உடனே அளந்தால், துண்டு பட்டறையின் சூட்டைவிட 45 பாகை வரை கூடுதலாக இருக்கக்கூடும். அது ஒன்றே 13 மைக்ரானை விழுங்கிவிடும், அதாவது வரைபடம் தந்த சலுகை முழுவதையும். (பிறையில் மதிய வேளையில் பட்டறைக்குள் 33 பாகை இருக்குமே, அது கெடுக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. அது பெரிதாகக் கெடுக்காது. மைக்ரோமீட்டரும் பேரிங்கும் துண்டும் மூன்றுமே எஃகு, மூன்றும் ஒரே சூட்டில் இருந்தால் ஒன்றாகவே விரிந்திருக்கும். கெடுப்பது துண்டுக்கும் மைக்ரோமீட்டருக்கும் இடையிலுள்ள வேறுபாடு.)

ஆகவே 91 மதிப்பெண் வாங்கிய துண்டு, வேலைக்குப் போயிருந்தால் திரும்பி வந்திருக்கும். பேரிங்கின் உள்வளையம் தண்டின் மேல் வழுக்கிச் சுற்றத் தொடங்கியிருக்கும், சில வாரத்தில் அந்த இடத்தில் செம்பழுப்புத் தூள் தட்டியிருக்கும். 74 மதிப்பெண் வாங்கியவன் சும்மா நின்ற இருபது நிமிடமே அந்த வேலையின் மிக முக்கியமான பகுதி. அதற்குத்தான் நாங்கள் மதிப்பெண் குறைத்திருந்தோம்.

பிழை சோதனை முறையினுடையது மட்டும் அன்று, அளந்த எங்களுடையதும்கூட. ஆற வைத்து மறுநாள் அளந்திருந்தால் சரியாகியிருக்கும் என்று சொல்லலாம், அப்படித்தான் இப்போது செய்கிறோம். ஆனாலும் சோதனைத் துண்டு ஒரு நாளின் படமாகத்தான் இருக்கிறது. வளர்ச்சி தெரிய வேண்டுமானால் குறைந்தது இரண்டு முறை, முதல் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும், வைக்க வேண்டும். இரண்டாம் முறை அதே வரைபடத்தைக் கொடுத்தால் பையன் அதை மனப்பாடம் செய்திருப்பான்; வேறு வரைபடம் கொடுத்தால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஒழுங்கைப் பற்றி இது ஏறத்தாழ எதுவும் சொல்வதில்லை, ஏனென்றால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் சக் சாவியை மறப்பதில்லை. செலவு என்று பார்த்தால், எஃகின் விலை சிறிது. ஒரு பையனுக்கு இரண்டு மணி நேரம் இயந்திரமும் அதே அளவு நேரம் போர்மேனும் வருமானம் இல்லாமல் நிற்பதுதான் பெரிது.

## மூன்றாம் முறை: தவறுக் குறிப்பேடு

பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்று போதும். பக்கத்தை நாலாகக் கோடு போட்டோம். முதல் கட்டத்தில் நாளும் வேலையும், இரண்டாவதில் வரைபடம் கேட்ட அளவும் கிடைத்த அளவும், மூன்றாவதில் என்ன தவறு நேர்ந்தது, ஏன் நேர்ந்தது என்று பையன் தன் சொல்லிலேயே எழுதுவது, நாலாவதில் போர்மேனின் சுருக்கொப்பமும் ஓர் எண்ணும். 1 என்றால் போர்மேன் கூட நின்று செய்தது, 2 என்றால் அவர் எட்டி நின்று பார்த்தது, 3 என்றால் பையன் தனியாகச் செய்தது. மாலையில் பையனுக்கு ஐந்து நிமிட வேலை. சனிக்கிழமை மதியம் போர்மேனும் பையனும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து அந்த வாரத்தைப் படிப்பார்கள்.

வளர்ச்சி இதில் தானாகவே தெரிகிறது. இரண்டாம் கட்டத்திலுள்ள அளவுகள் கேட்ட அளவைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று பார்த்தால் போதும். அந்தச் சிதறல் மாதத்துக்கு மாதம் ஒடுங்க வேண்டும், கூடவே நாலாம் கட்டத்து எண் 1லிருந்து 3ஐ நோக்கி நகர வேண்டும். சிதறல் ஒடுங்கியும் எண் நகரவில்லை என்றால் பையனின் கை வளர்ந்திருக்கிறது, போர்மேனின் நம்பிக்கை வளரவில்லை. அது யார் குறை என்று அப்போது பேசலாம்.

ஆனால் நாங்கள் எதிர்பாராத பயன் மூன்றாம் கட்டத்தில் கிடைத்தது. சோதனைத் துண்டுக்குப் பிறகு, போர்மேன் இரண்டு நோட்டுகளையும் ஒரே மாலையில் முதலிலிருந்து படித்தார். மூத்தவனின் நோட்டில், ஏழாம் வாரத்தில் 25 மில்லிமீட்டர் பேரிங் இருக்கை ஒன்று தொளதொளத்திருந்தது. காரணம்: "மைக்ரோமீட்டர் சரியில்லை." பதினொன்றாம் வாரத்தில் 30 மில்லிமீட்டர் இருக்கை ஒன்று அப்படியே. காரணம்: "பேரிங் மலிவுச் சரக்கு." பதினாறாம் வாரத்தில் மறுபடி 25. காரணம்: "எஃகு மோசம்." தனித்தனியாகச் சனிக்கிழமைகளில் படித்தபோது மூன்றும் மூன்று வெவ்வேறு துரதிர்ஷ்டங்களாகத் தெரிந்தன. சேர்த்துப் படித்தபோது மூன்றும் ஒரே தவறு, சூட்டோடு அளந்தது. மூன்று வேலைகளும் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன் அவசரமாக முடிக்கப்பட்டவை.

இளையவனின் நோட்டு பார்ப்பதற்கு இன்னும் மோசம். ஆறு மாதத்தில் ஐந்து கெட்ட துண்டுகள். மூன்றாம் வாரத்தில், டூலை மாற்றிய பிறகு டயலைச் சுழிக்குக் கொண்டுவர மறந்து, நீளம் 0.3 குறைந்தது. ஐந்தாம் வாரத்தில், கைச்சக்கரத்தைப் பின்னால் திருப்பியபோது திருகில் இருந்த தளர்வை எடுக்காமல் விட்டு, விட்டம் 0.1 குறைந்தது. ஒன்பதாம் வாரத்தில் மரையின் கியர் நெம்பு தவறான இடத்தில் இருந்தது. பன்னிரண்டாம் வாரத்தில், துண்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் நகர்ந்திருந்ததால் 200 மில்லிமீட்டர் நீளத்தில் 0.04 சரிவு வந்தது. பதினேழாம் வாரத்தில் அவனும் சூட்டோடு அளந்தான். ஐந்து தவறுகளும் ஐந்து வெவ்வேறு தவறுகள், எதுவும் இரண்டாம் முறை வரவில்லை. பதினெட்டாம் வாரப் பக்கத்தில் "கூலண்டில் நனைத்தேன், 20 நிமிடம் ஆற வைத்தேன், 25.008" என்று ஒரே வரி இருக்கிறது.

துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் மூத்தவன் மூன்று, இளையவன் ஐந்து. தவறுகள் திரும்புவதைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். கற்கும் விருப்பத்துக்கு நான் மேலே சொன்ன அடையாளம் இதுதான். மூத்தவன் சோம்பேறி அல்லன், கேள்வி கேட்பவனும்கூட. ஆனால் தவறு நேர்ந்ததும் அவன் பார்வை தன் கையை விட்டு வெளியே போகிறது, கருவிமேல், சரக்குமேல், எஃகின்மேல். அப்படிப் போகிறவரை கை திருந்தாது.

இந்த முறை கெட்டுப்போகும் வழிகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, கெட்ட துண்டின் விலையைப் பையனிடமிருந்து பிடிப்பது, அல்லது பிடிப்பேன் என்று மிரட்டுவது. அன்றோடு நோட்டு செத்துவிடும். தவறு எழுதப்படாது, துண்டு பையில் மறைந்து வீட்டுக்குப் போகும், அல்லது இரவோடு இரவாகச் சீவல் தொட்டியில் புதைக்கப்படும். நோட்டு வேண்டுமானால் அந்த விலையைப் பட்டறை ஏற்றுக்கொள்ள வேண்டும், இதுவே இம்முறையின் உண்மையான செலவு. இரண்டாவது, வாரம் முழுவதையும் சனிக்கிழமை காலையில் ஒரே மூச்சில் எழுதுவது. இதைக் கண்டுபிடிப்பது எளிது: எல்லா வரியும் ஒரே மையில் ஒரே சாய்வில் இருக்கும், அளவுகள் எல்லாம் 25.01, 25.01, 25.01 என்று ஒன்றுபோல் இருக்கும். உண்மையாக அளந்தவனின் எண்கள் ஆடும். மூன்றாவது, போர்மேன் சலித்துப்போவது. எங்களவர் எட்டாம் வாரத்தில் நிறுத்தப் பார்த்தார். சனிக்கிழமைப் பதினைந்து நிமிடத்தை ஓ.டி. கணக்கில் சேர்த்த பிறகுதான் தொடர்ந்தார்.

எஸ்.எல்.டி.என். என்ற தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் பயிலுநர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். அதில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு பட்டறையிலும் மீதி பயிற்சி நிலையத்திலும் நடக்கிறது, தேசியத் தொழில் தரத்தை ஒட்டிய வேலைப் பட்டியலும் உண்டு. அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழுக்கு அதுவே வழி, பையனின் எதிர்காலத்துக்கு அந்தத் தாள் தேவை. ஆனால் அங்கே ஒவ்வொரு திறனுக்கும் முடிவு 'தெரம்பில்' அல்லது 'பெலும் தெரம்பில்', தேர்ந்தவன் அல்லது இன்னும் தேராதவன் என்பதுதான். வாசலைத் தாண்டினானா என்பதை அது சொல்கிறது. எந்தக் காலால், எத்தனை முறை தடுக்கி விழுந்து தாண்டினான் என்பதை நோட்டுதான் சொல்லும்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | போர்மேனின் கண் | சோதனைத் துண்டு | தவறுக் குறிப்பேடு |
|---|---|---|---|
| திறன் வளர்ச்சி | கடைசி இரண்டு வாரம் மட்டும் தெரியும் | அந்த நாளின் திறன் தெரியும், வளர்ச்சி தெரியாது | மாதவாரியாகத் தெரியும் |
| நேர ஒழுங்கு | ஓரளவு | தெரியாது | வருகை அட்டையோடு சேர்த்தால் தெரியும் |
| இயந்திர ஒழுங்கு | மிக நன்றாகத் தெரியும் | தெரியாது | பையன் எழுதினால்தான் |
| கற்கும் விருப்பம் | பேச்சை வைத்து ஏமாறலாம் | தெரியாது | தவறு திரும்புவதில் தெரியும் |
| வெளிப்படைச் செலவு | இல்லை | இயந்திரம் 2 மணி நேரம் | வாரம் 15 நிமிடம் |
| மறைவான செலவு | பாரபட்சப் பேச்சு | தவறான வேகத்துக்குப் பரிசு | கெட்ட துண்டின் விலை பட்டறைக்கு |

ஒழுங்கைப் பற்றி அட்டவணையில் அடங்காத ஒன்று உண்டு. இளையவன் 26 வாரத்தில் 11 நாள் தாமதமாக வந்தான், மூத்தவன் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. இதை மட்டும் பார்த்து நான் இளையவனைப் பற்றி ஒரு கட்டத்தில் கடுமையாகவே பேசியிருக்கிறேன். பிறகு பார்த்தால், சுங்கை பாக்காப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் அவன் வழியில் தங்கையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வர வேண்டும். மழை நாளில் பத்துப் பதினைந்து நிமிடம் பிந்துகிறது, எட்டு மணிக்குமுன் போனில் சொல்லியும்விடுகிறான். அவன் தொடங்கும் நேரத்தை எட்டே காலாக்கி, மாலையில் பதினைந்து நிமிடம் கூட்டியதும் அது தீர்ந்தது. மூத்தவனோ இரண்டு முறை சக் சாவியைச் சக்கில் விட்டிருக்கிறான். இரண்டையும் பார்த்தவர் போர்மேன், இரண்டும் எந்த நோட்டிலும் இல்லை. தானே வெளியே தள்ளிவிடும் சுருள் வில் வைத்த சாவியை வாங்கி மாட்டினோம் என்றாலும், தாமதம் 11ஐயும் சக் சாவி 2ஐயும் ஒரே 'ஒழுங்கு' என்ற கட்டத்தில் போட்டு எண்ணக்கூடாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

## எந்த நிலையில் எது

பட்டறையில் முதலாளியே போர்மேன், பையன் ஒருவன்தான், இருவரும் நாள் முழுதும் இரண்டு லேத்துக்கு நடுவில் நிற்கிறார்கள் என்றால், கண்ணே போதும். சேர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: சக் சாவி, கையுறை, கண்ணாடி ஆகிய மூன்றிலும் நடந்த மீறலை மட்டும் நாள் போட்டுச் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்து வைப்பது. நினைவை நம்ப வேண்டாம்.

வேறு பட்டறையிலிருந்து வருபவனைச் சேர்ப்பதா என்று ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டும், அல்லது பையனை இன்று முதல் தனியாக ஒரு குறிப்பிட்ட வேலையில் விடலாமா என்று பார்க்க வேண்டும் என்றால், சோதனைத் துண்டு சிறந்தது. கேள்வி அப்போது வளர்ச்சியைப் பற்றியதன்று, அந்த வேலை அவனால் ஆகுமா என்பது. வரைபடம் நீங்கள் உண்மையில் செய்யும் வேலையிலிருந்து வர வேண்டும், அளவை மறுநாள் காலையில் எடுக்க வேண்டும், நேரத்துக்கான மதிப்பெண்ணை 10க்கு மேல் வைக்க வேண்டாம். பேரிங் இருக்கை போன்ற வேலையில் வேகம் இரண்டாம் ஆண்டில் தானே வரும்.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பையன்கள் இருந்து, அவர்களுள் யாரை வைத்துக்கொள்வது, யாருக்குச் சம்பளம் ஏற்றுவது என்ற முடிவு வரப்போகிறது என்றால், நோட்டைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அதில் ஒருவனுக்குக் காரணத்தை அவன் கையெழுத்திலேயே காட்ட முடியும். ஆனால் அதை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் நோட்டைக் கையில் கொடுத்தால், தன்னை அனுப்புவதற்குச் சாட்சி சேர்க்கிறார்கள் என்று பையன் நினைப்பான், நினைப்பது நியாயமும்கூட.

எங்கள் இருவர் விஷயத்தில், இருவரின் ஒப்பந்தத்தையும் இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டினோம். இளையவனுக்குப் பேரிங் இருக்கை வேலையில் 3 போட்டுத் தனியாக விட்டோம். மூத்தவனைக் கூப்பிட்டு, ஏழு, பதினொன்று, பதினாறு ஆகிய மூன்று பக்கங்களையும் அவன் முன்னால் வரிசையாகத் திறந்து வைத்துவிட்டுப் போர்மேன் எதுவும் பேசாமல் இருந்தார். அவன் மூன்றையும் இரண்டு முறை படித்தான், பிறகு அலமாரியிலிருந்த தன் சோதனைத் துண்டை எடுத்துப் பேரிங்கை விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தான். அந்த வாரச் சனிக்கிழமைப் பக்கத்தில், மூன்றாம் கட்டத்தில், "ஆறும் முன் அளந்தேன்" என்று எழுதியிருந்தான். அந்த வாரம் அவன் எந்தத் துண்டையும் கெடுக்கவில்லை. ஏழாம் வாரத்துப் பக்கத்தின் எண்ணைத்தான் அந்த வரியருகே குறித்திருந்தான்.